பொன்விழாவுக்கு ஒரு வரி வேண்டும், ஆனால் "பாரம்பரியம்" வேண்டாம்

கடைப்பேத்தி | 4 ஜூன் 2025, இரவு 9:40

ஒட்டன்சத்திரத்தில் எங்களுக்கு ஹார்டுவேர்ஸ் கடை. தாத்தா 1975 ஆவணியில் தொடங்கினார். அன்றைக்கு மண்வெட்டி, கடப்பாரை, வாளி, கயிறு, ஆணி, இவ்வளவுதான் சரக்கு. இப்போது பைப், பிட்டிங்ஸ், பெயிண்ட், பூட்டு, மோட்டார் சாமான் எல்லாம் உண்டு. அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். கவுன்ட்டரில் தாத்தா காலத்து மாமா ஒருவர் இன்னும் இருக்கிறார்.

ஆவணியில் 50 வருடம் முடிகிறது. போர்டை மாற்றப் போகிறோம். பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும். எங்களை நம்பி வருகிறார்கள் என்பது தெரிய வேண்டும், ஆனால் கிழட்டுக் கடை என்று தோன்றக்கூடாது. புதிதாக வீடு கட்டுகிறவர்களில் பாதிப்பேர் என் வயது. வீட்டில் இதுவரை வந்தவை:

நம்பிக்கையின் 50 ஆண்டுகள்
மூன்று தலைமுறைகளாக உங்கள் நம்பிக்கைக்குரிய நிறுவனம்
பாரம்பரியம் மிக்க தரம்

மூன்றுமே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்பாவிடம் விளக்கவும் வரவில்லை.

சென்னைவாசி | 4 ஜூன், இரவு 10:05

பொன்விழா என்றால் தள்ளுபடி கட்டாயம் வேண்டும். பெயிண்டுக்கு 10 சதவீதம், 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு வாளி இலவசம். அதைப் போர்டில் போடுங்கள், கூட்டம் வரும்.

கடைப்பேத்தி | 4 ஜூன், இரவு 10:12

தள்ளுபடிக்கு நோட்டீஸ் தனியாக அடிக்கிறோம். அது ஒரு மாதத்தில் முடிந்துவிடும். போர்டு பத்து வருடம் இருக்கும். நான் கேட்பது போர்டில் நிற்கப் போகும் வரி.

கோவை விளம்பரம் | 5 ஜூன், காலை 8:30

விளம்பர வேலையில் இருப்பவன். இரண்டு விதி. வரி மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது. வருடத்தைக் குறிப்பிடவே கூடாது, எண்ணைப் பார்த்ததும் பழையது என்று முடிவு கட்டிவிடுவார்கள். "நம்பி வாங்க" என்று போடுங்கள். வருவதும் வாங்குவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

போர்டுக்காரர் | 5 ஜூன், மதியம் 2:15

முப்பது வருடத்துக்கு மேல் போர்டு எழுதுகிறேன். முதலில் பிரஷ், அப்புறம் ஃபிளெக்ஸ், இப்போது ஏசிபி ஷீட்டில் எழுத்து வெட்டி ஒட்டுகிறோம். "நம்பி வாங்க" நான் மட்டுமே பல கடைகளுக்கு எழுதியிருக்கிறேன். நகைக்கடை, மெத்தைக்கடை, பழைய கார் விற்பவர்.

ஒரு சோதனை சொல்கிறேன். கடைப்பெயரைக் கையால் மறைத்துவிட்டு வரியை மட்டும் படியுங்கள். என்ன கடை என்று தெரிகிறதா? "நம்பிக்கையின் 50 ஆண்டுகள்" சீட்டுக் கம்பெனிக்கும் பொருந்தும், ஸ்கேன் சென்டருக்கும் பொருந்தும். அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், விளங்கிவிடும். வரி பழசாகத் தெரிவதற்கு அந்தச் சொல் காரணம் இல்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை, அதுதான் காரணம்.

வருடத்தைப் பற்றித் தம்பி சொன்னது பாதி சரி. "50 ஆண்டுகள்" என்று வெட்டி ஒட்டினால் அடுத்த ஆவணியில் அது தப்பு. "1975 முதல்" என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டால் என்றைக்கும் தப்பாகாது, பழைய வாடையும் அடிக்காது. பெருமை பேசும் எண்ணைத்தான் தவிர்க்க வேண்டும். தகவலாக நிற்கிற எண் நல்லது.

பழனி பிளம்பர் | 5 ஜூன், மாலை 6:50

"50ஆம் ஆண்டு" என்று நோட்டீஸில் போட்டுவிடாதீர்கள். 1975 ஆவணியில் ஆரம்பித்தது என்றால் 50ஆம் ஆண்டு போன ஆவணியிலேயே பிறந்துவிட்டது. இந்த ஆவணியில் நிறைவது 50 ஆண்டு, பிறப்பது 51ஆம் ஆண்டு. எங்கள் ஊரில் ஒரு கடை இதில் மாட்டி, அடித்த பையெல்லாம் வீணானது.

சென்னைவாசி | 5 ஜூன், மாலை 7:20

50க்கு மணிவிழா என்றுதானே சொல்ல வேண்டும்?

தமிழாசிரியை | 5 ஜூன், இரவு 8:00

25 வெள்ளி விழா, 50 பொன் விழா, 60 வைர விழா, 75 பவள விழா. மணிவிழா என்று நாம் வழக்கமாகச் சொல்வது மனிதர்களுக்கு அறுபது நிறையும்போது. அந்த அறுபதை நினைத்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள்.

திருப்பூர் டைல்ஸ் | 6 ஜூன், காலை 11:10

என் அனுபவம் ஒன்று. எங்கள் டைல்ஸ் கடைக்கு "உங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று போட்டோம். கேட்க இனிமையாக இருந்தது. ஆறே மாதத்தில் கடன் கேட்டவர்கள் எல்லோரும் அதையே சொல்லிக் கேட்டார்கள். "குடும்பத்துக்குள்ளே கணக்கா அண்ணே?" எனக்கும் மறுக்க வாய் வரவில்லை. ஒரு வீட்டுக்காரர் கிரகப்பிரவேசம் முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் பாக்கியைக் கொடுத்தார். வரியில் எதைச் சொல்கிறீர்களோ அதைக் கவுன்ட்டரில் வந்து கேட்பார்கள். இனிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

கடைப்பேத்தி | 6 ஜூன், இரவு 9:15

அண்ணே, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தாத்தாவின் கடன் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. வெங்காயமும் முருங்கையும் மார்க்கெட்டுக்கு வந்த பிறகு கொடுப்பார்கள், அதனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் என்ன பயிர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஊரை நம்பினார், ஊரும் அவரை நம்பியது. இன்று எங்களால் அப்படிக் கொடுக்க முடியாது, அதனால் வரியில் அதைத் தொடக்கூடாது என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

போர்டுக்காரர் அண்ணன் சொன்ன சோதனையில் எங்கள் மூன்று வரியும் தோற்றுவிட்டன. அப்பாவே கையை வைத்து மறைத்துப் பார்த்தார்.

போர்டுக்காரர் | 7 ஜூன், காலை 7:30

அப்படியென்றால் நாளைக்கு ஒரு நாள் முழுக்கக் கவுன்ட்டரில் உட்காருங்கள். நீங்கள் பேசுவதை எழுத வேண்டாம். வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், கொச்சையைத் திருத்தாமல். வரி அதில் இருக்கும்.

கடைப்பேத்தி | 9 ஜூன், இரவு 10:30

எழுதினேன். மார்க்கெட் முடிந்து விவசாயிகள் வருகிற நேரத்திலிருந்து ஷட்டர் இறக்கும்வரை. பெரும்பாலும் "ரெண்டு இன்ச் ஆணி கால் கிலோ" மாதிரிதான். ஆனால் மூன்று விதமான பேச்சு திரும்பத் திரும்ப வந்தது.

"இது பேர் தெரியலக்கா, இதே மாதிரி ஒண்ணு வேணும்." கையில் உடைந்த சாமான் இருக்கும். ஒரு அம்மா பழைய பித்தளைக் குழாயின் தண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்தார். ஒரு பையன் கதவுக் கீலின் பாதியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"மிச்சமானா திருப்பித் தரலாம்ல?"

"நீங்களே பாத்துக் குடுங்க."

இதைவிட முக்கியம் அன்று மதியம் நடந்தது. கள்ளிமந்தையத்திலிருந்து ஒருவர், என் வயதுதான் இருக்கும். "முக்கால் இன்ச் எல்போ ஆறு" என்றார். நான் எடுக்கப் போனேன். மாமா தடுத்து, "இரும்பு பைப்பா, பிளாஸ்டிக்கா? எப்படி அளந்தீங்க?" என்று கேட்டார். இரும்பு. டேப்பை வெளியே வைத்து அளந்திருக்கிறார், 21 மில்லிமீட்டர் வந்திருக்கிறது, முக்கால் இன்ச் 19தானே, கிட்டத்தட்ட அதுதான் என்று நினைத்துவிட்டார். மாமா அரை இன்ச் ஜிஐ எல்போவை எடுத்துக் கொடுத்தார். நான் கொடுத்திருந்தால் அவர் மறுபடி பஸ் ஏறி வந்திருப்பார்.

பழனி பிளம்பர் | 10 ஜூன், காலை 6:40

உங்கள் மாமா கேட்டது சரியான கேள்வி. பைப்புக்கு நாம் சொல்லும் இன்ச் பெயருக்குத்தான். அரை இன்ச் ஜிஐ பைப்புக்கு வெளி அளவு 21.3 மில்லிமீட்டர். வெந்நீருக்குப் போடும் சிபிவிசி பைப்பில் முக்கால் இன்ச்சுக்கு வெளி அளவு 22.2. டேப்பை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒன்று அரை, ஒன்று முக்கால். புதுசாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் இதில் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். என்ன பைப் என்று கேட்காமல் அளவை மட்டும் கேட்டுக் கொடுக்கிற கடைக்கு நான் போவதே இல்லை.

ஆன்லைனில் இந்த எல்போ உங்களைவிட இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே "எப்படி அளந்தீங்க" என்று கேட்க ஆள் இல்லை.

கோவை விளம்பரம் | 10 ஜூன், காலை 9:00

மூன்று சொல் விதியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதிலேயே வரி இருக்கிறது. என் முயற்சிகள்:

எதுக்குன்னு சொல்லுங்க.
பேர் தெரியலையா? கொண்டு வாங்க.
மிச்சமானா திரும்ப வாங்க.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பொருளோடு திரும்ப வாங்க, நீங்களும் திரும்ப வாங்க. இரும்புக்கும் திரும்பவுக்கும் எதுகையும் இருக்கிறது, அதை வைத்து இன்னும் விளையாடலாம்.

கடைப்பேத்தி | 10 ஜூன், இரவு 9:50

மூன்றாவதைப் படித்ததும் எனக்கும் குதூகலமாக இருந்தது. அப்பா முகம் மாறிவிட்டது. அவர் சொன்ன காரணங்களை எழுதுகிறேன், ஏனென்றால் நான் இதை யோசிக்கவே இல்லை.

நாங்கள் திரும்ப வாங்குவது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் இல்லை. வெட்டிய பைப்பை வாங்க முடியாது. மெஷினில் கலர் கலந்த பெயிண்டை வாங்க முடியாது, அந்த நிறம் இன்னொருவருக்கு ஆகாது. மூடி திறந்த சொல்யூஷன் டப்பா காய்ந்துவிடும். பிரிக்காத பிட்டிங்ஸ், பில்லோடு வந்தால் சரி. அதற்கும் பெரிய பில் என்றால் கிரெடிட் நோட் போட்டு ஜிஎஸ்டி கணக்கில் திருத்த வேண்டும். போர்டில் "திரும்ப வாங்க" என்று போட்டால், கான்ட்ராக்டர் ஒருவர் 200 எல்போ எடுத்துப் போய் 150ஐத் திருப்பிக் கொண்டு வருவார். எங்கள் பணம் அத்தனை நாள் அவர் சைட்டில் கிடக்கும். வீட்டுக்காரர் நாலு பிட்டிங்ஸ் கொண்டு வந்தால் அப்பா முகம் சுளிக்காமல் வாங்குவார். எழுதாமல் இருப்பதால்தான் அவரால் ஆளைப் பார்த்துச் செய்ய முடிகிறது.

திருப்பூர் டைல்ஸ் | 10 ஜூன், இரவு 10:20

உங்கள் அப்பா சொல்வதுதான் நான் பட்டது. மோசமான வாடிக்கையாளர் கையில் அந்த வரியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவரிடமும் நிற்கிற வரிதான் போர்டுக்கு ஆகும்.

பழனி பிளம்பர் | 11 ஜூன், காலை 6:30

"எதுக்குன்னு சொல்லுங்க" எனக்குப் பிடிக்கும். ஆனால் போர்டில் தனியாகப் படித்தால் அதட்டுவது மாதிரி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்பது போல. மாமா வாயால் கேட்கும்போது இருக்கிற கனிவு எழுத்தில் வராது.

தமிழாசிரியை | 11 ஜூன், மாலை 5:30

இரண்டாவது வரி நல்ல வரி. நம்பிக்கை என்ற சொல்லே இல்லாமல், தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுபவரை உள்ளே அழைக்கிறது. குறிப்பாகப் பெண்களை. என் கணவர் இறந்த பிறகு முதல் தடவை ஹார்டுவேர் கடைக்குப் போனபோது எனக்கு வாஷர் என்ற சொல்கூட வரவில்லை. படியில் நின்று, முன்னால் இருந்த ஆட்கள் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன்.

ஆனால் பேச்சு வழக்கை அப்படியே போர்டில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. "பெயர் தெரியவில்லையா? கொண்டு வாருங்கள்" என்றால் என்ன குறைந்துவிடும்? ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் படிக்கும் எழுத்து அது.

போர்டுக்காரர் | 11 ஜூன், இரவு 8:45

அம்மா, நான் கணக்குப் போட்டேன். கடை போர்டு எவ்வளவு?

கடைப்பேத்தி | 11 ஜூன், இரவு 8:52

20 அடி நீளம், 4 அடி உயரம். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடம் சுமார் 60 அடி.

போர்டுக்காரர் | 11 ஜூன், இரவு 9:30

10 அடி தூரத்துக்கு ஒரு இன்ச் எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். 60 அடிக்கு 6 இன்ச். தமிழில் துணை எழுத்துக்கும் தனி இடம் வேண்டும். "கொ" என்பது பார்வைக்கு ஒரு எழுத்து, போர்டில் மூன்று துண்டு. ஒரு துண்டுக்குச் சராசரி 6 இன்ச் அகலம் என்று வைத்தேன், சொற்களுக்கு நடுவே ஒரு துண்டு இடைவெளி.

"பேர் தெரியலையா? கொண்டு வாங்க" 24 துண்டு, 12 அடி. அம்மா சொன்ன எழுத்து வழக்கு 29 துண்டு, பதினாலரை அடி. இரண்டும் 20 அடிக்குள் நன்றாக அடங்கும், அதனால் இடத்தைக் காரணம் காட்டி எதையும் தள்ள முடியாது. முதலில் வீட்டில் யோசித்த "மூன்று தலைமுறைகளாக" வரிக்கு மட்டும் 18 அடி ஆகிறது. ஓரத்துக்கு ஒரு அடிதான் மிஞ்சும், நெருக்கியடித்த மாதிரி தெரியும்.

என் கருத்து: "வாங்க" இருக்கட்டும். "வாருங்கள்" என்று எழுதினால் வாங்குவது போய்விடுகிறது. அப்புறம், அரசு ஆபீஸ் அறிவிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

தமிழாசிரியை | 12 ஜூன், காலை 7:00

"பேர்" எனக்குச் சம்மதம். அது பக்தி இலக்கியத்திலேயே இருக்கும் சொல். "வாங்க"வும் இருக்கட்டும், இரு பொருள் அழகாக இருக்கிறது. "தெரியலையா"தான் உறுத்துகிறது. "பேர் தெரியவில்லையா? கொண்டு வாங்க" என்று பாதி பாதியாக எழுதினாலும் நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மனம் மாறவில்லை.

சென்னைவாசி | 12 ஜூன், காலை 10:40

ஆங்கிலத்தில் பெரிதாக "சின்ஸ் 1975" என்று போட்டால் மாடர்னாக இருக்குமே?

போர்டுக்காரர் | 12 ஜூன், மதியம் 1:00

போடலாம், ஆனால் பெரிதாகப் போட முடியாது. கடைப் போர்டில் தமிழ் முதலில் வர வேண்டும். தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்பது அரசு சொல்லும் கணக்கு. ஆங்கிலம் போட்டாலே இளமை வந்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்து ரொம்பப் பழைய கடைகள்தான் அதைப் போட்டிருக்கின்றன.

கடைப்பேத்தி, ஒன்று கேட்கிறேன். இந்த வரியைப் போட்டால் உடைந்த சாமானோடுதான் வருவார்கள். மாமா சாப்பிடப் போயிருக்கும்போது யார் பார்ப்பது? போர்டில் வெட்டி ஒட்டுவதற்கு முன் இரண்டு வாரம் பில்லின் அடியில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வையுங்கள். என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கடைப்பேத்தி | 29 ஜூன், இரவு 10:10

இரண்டு வாரம் ஆயிற்று. சொல்ல நிறைய இருக்கிறது.

17 பேர் சாமானோடு வந்தார்கள். 11 பேருக்கு அங்கேயே எடுத்துக் கொடுத்தோம். 4 பேருக்குத் திண்டுக்கல்லிலிருந்து இரண்டு மூன்று நாளில் வரவழைத்தோம். 2 பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஒன்று பழைய மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி. அதைச் செய்கிற ஆளை மாமாவுக்குத் தெரியும், திண்டுக்கல்லில் அவர் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வந்தவர் அதற்கே சந்தோஷமாகப் போனார்.

வாட்ஸ்அப்பில்தான் தவறு நடந்தது. குழாயின் உள்தண்டுப் படம் ஒன்று வந்தது. படத்தில் அளவு தெரியவில்லை. நான் ஊகித்து எடுத்து வைத்தேன், அவர் அம்பிளிக்கையிலிருந்து வந்தார், நீளம் சேரவில்லை. பழைய குழாய் என்றால் பெரும்பாலும் வாஷரை மாற்றினால் போதும். கால் திருப்பு திருப்பினால் திறக்கிற புதுக் குழாய்க்கு உள்ளே கார்ட்ரிட்ஜ், அதன் நீளமும் மேலே உள்ள பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து படம் அனுப்புகிறவர்களிடம் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கச் சொல்கிறோம். நாணயம் 27 மில்லிமீட்டர், அதை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். "கொண்டு வாங்க" என்பதை நான் போனுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது அவசரம். நேரில் வந்தால்தான் அந்த வரி முழுக்க உண்மை.

மாமாவுக்கு 62 வயது. அவர் இல்லாத நேரத்தில் வந்த மூன்று பேரைப் பையன் திருப்பி அனுப்பியிருக்கிறான். அது மேலே சொன்ன கணக்கில் இல்லை, பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரி பொய்யாவது இங்கேதான். இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகை அடித்து, வந்த உடைந்த சாமான் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுகிறோம். பக்கத்தில் பெயர், எந்த டிராயர் என்று மாமா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பையனும் படிக்கிறான்.

பழனி பிளம்பர் | 30 ஜூன், காலை 6:20

அந்தப் பலகையை உள்ளே வைக்காதீர்கள். வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். வாயில் சொல் வராதவர் அதைக் காட்டி "இது" என்று கேட்பார்.

தமிழாசிரியை | 30 ஜூன், மாலை 6:00

அப்படி ஒரு பலகை அன்றைக்கு இருந்திருந்தால் நான் படியில் நின்றிருக்க மாட்டேன்.

கடைப்பேத்தி | 3 ஜூலை, இரவு 9:00

பலகையை முன்னால் மாற்றியாயிற்று.

வரி முடிவாகிவிட்டது என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. தாத்தா போர்டில் "நம்பிக்கை" என்ற சொல் இருந்தது, அதை எடுத்தால் அவரை எடுத்தது மாதிரி என்கிறார். அவரிடம் போர்டு சோதனை, துண்டுக் கணக்கு எதுவும் எடுபடவில்லை. நானும் அவரிடம் வாதாட விரும்பவில்லை.

போர்டுக்காரர் | 3 ஜூலை, இரவு 9:40

பழைய போர்டு தகரமா, மரமா?

கடைப்பேத்தி | 3 ஜூலை, இரவு 9:44

தகரம். கையால் எழுதியது. ஓரத்தில் துரு, எழுத்து நன்றாக இருக்கிறது.

போர்டுக்காரர் | 3 ஜூலை, இரவு 10:05

அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சொல் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி, விளிம்பை மடக்கி, கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு ஒரு கோட் பின்பக்கம் மட்டும் அடியுங்கள். முன்பக்க எழுத்தைத் தொட வேண்டாம், கிளியர் வார்னிஷ் போதும். வெளியே புது வரி, உள்ளே பாட்டி சொன்ன சொல். பாட்டியிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

"தெரியலையா", "தெரியவில்லையா" விஷயத்தையும் ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். எழுத்து வெட்டினால் திருத்த முடியாது.

கடைப்பேத்தி | 6 ஜூலை, காலை 7:15

பாட்டி சரி என்றார். ஒரு நிபந்தனை, தகரத்தை அவர் எதிரில்தான் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு வர முடியுமா அண்ணே? "தெரியலையா" பற்றி அப்பாவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் டீச்சர் பக்கம்.